எண்ணோடு அலகும் போகட்டும்

நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் இங்கே, பிள்ளைகள் லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கிறார்கள். அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் எழுதி அனுப்பும்போது, "கிரியேட்டினின் 1.8, கொஞ்சம் அதிகம்" என்று முடித்துவிடுகிறோம். இது போதாது என்பது என் கருத்து.

நம் ஆய்வுக்கூடங்கள் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றன. பிரிட்டனிலும் கனடாவிலும் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்பதே வழக்கம். 1.8-ஐ 88.4-ஆல் பெருக்கினால் 159 வரும். அங்குள்ள மருத்துவருக்குப் பழக்கமானது இந்த எண்தான். அலகில்லாமல் 1.8 என்று கேட்டால் அவர் எதனோடு ஒப்பிடுவார்? சர்க்கரைக்கோ இந்தப் பெருக்கல் பொருந்தாது. 126 மில்லிகிராமை 18-ஆல் வகுத்தால்தான் 7 மில்லிமோல் கிடைக்கும். பொருளுக்குப் பொருள் மூலக்கூறின் எடை வேறல்லவா! (அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கவலையில்லை, அங்கும் மில்லிகிராம்தான்.)

ஆகவே அச்சிட்ட எண், அலகு, அதே தாளிலுள்ள இயல்பு எல்லை மூன்றையும் அப்படியே எழுதி, மாற்றிய எண்ணைப் பக்கத்தில் தனியே குறியுங்கள். இயல்பு எல்லை கூடத்துக்குக் கூடம் சற்று மாறும். ரயில்வேயில் அச்சுத்தண்டின் விட்டத்தைக் குறிக்கும்போது, அனுமதித்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே குறிப்போம்.

இன்னொன்று. அந்த எல்லை பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேரின் அளவு. எனவே அதைத் தாண்டிய எண்ணை நேராக "நோய்" என்று மொழிபெயர்ப்பது தவறு. ஆறு மாதம் முன்பு 1.1 இருந்ததா, 1.7 இருந்ததா? அதையும் தேதியோடு எழுதுங்கள். மருத்துவர் அடுத்துக் கேட்பது அதைத்தான்.