பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு

“ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்பது துக்க வீட்டில் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம். இலக்கண நோக்கில் அது நிபந்தனை வாக்கியம். தனக்கு என்ன தேவை என்று கண்டறிவதையும், கூச்சத்தை விட்டு அதைக் கேட்பதையும் இழந்தவரிடமே அது ஒப்படைத்துவிடுகிறது. முதல் வாரத்தில் இதனால் கேடில்லை. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இரண்டாம் மாதத்தில் அவ்வாக்கியம் யாருக்கும் பயன்படுவதில்லை.

மரபு இதை வேறு விதமாகக் கையாண்டது. வட இந்தியாவில் பதின்மூன்றாம் நாள், தமிழகத்தில் பதினாறாம் நாள், இசுலாமியரிடையே பல ஊர்களில் நாற்பதாம் நாள், இந்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுத் திதி என நாள்கள் குறிக்கப்பட்டிருந்தன. அழைக்காமலே மீண்டும் வருவதற்கு உறவினருக்கு ஒரு காரணம் இருந்தது. (அதே சடங்குகள் கைம்பெண்களுக்கு இழைத்த கொடுமையை மறந்துவிட்டு இதைப் போற்ற முடியாது.) பல்கலைக்கழக விடுதியில் அந்த நாள்காட்டி இல்லை.

தில்லியில் ஆய்வு செய்யும் ஒரு மாணவியின் தந்தை, அரசு ஊழியர், ஆகஸ்டு தொடக்கத்தில் இறந்ததாகக் கொள்வோம். பதின்மூன்றாம் நாள் முடிந்து அவள் விடுதிக்குத் திரும்புகிறாள். செப்டம்பர் நடுவில் விசாரிப்புகள் ஓய்ந்துவிடுகின்றன. தாயின் குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று தொலைபேசியிலேயே அவள் அலைய நேர்வதும் அப்போதுதான். பிறகு தீபாவளி வருகிறது. இறப்பு நேர்ந்த ஆண்டில் பல குடும்பங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை. விடுதி காலியாகும்போது “ஊருக்குப் போகவில்லையா?” என்ற கேள்விக்கு அவள் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கறையுள்ள தோழி செய்யக்கூடியது எளிது. இறந்த தேதியைக் கைப்பேசியில் குறித்து, ஆறாம் வாரம், தீபாவளி, ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு ஆகியவற்றுக்கு நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாம். திதி ஆங்கிலத் தேதியோடு பெரும்பாலும் ஒத்துவராது என்பதால், எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அனுப்பும் செய்தியில் நிபந்தனை இருக்கலாகாது: “வியாழன் மாலை வருகிறேன், ஓய்வூதியப் படிவத்தைச் சேர்ந்து நிரப்புவோம். அன்று முடியாவிட்டால் வேறொரு நாள்.” தந்தையைப் பற்றிப் பேசினால் துயரத்தை நினைவூட்டிவிடுவோமோ என்ற அச்சம் பொருளற்றது, அவள் எதையும் மறந்திருக்கவில்லை. “இப்போது பரவாயில்லையா?” என்ற கேள்விதான் தீங்கானது. அதற்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இயலாது.

பதில் வராவிட்டால் பலரும் விலகிவிடுகிறார்கள். ஆனால் அந்த மௌனம் பெரும்பாலும் களைப்பே. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு, குறைந்தது 6 மாதங்களுக்கு மேலும் நீடித்து, அவரவர் பண்பாடு எதிர்பார்க்கும் அளவையும் கடந்து, அன்றாட வாழ்வை முடக்கும் துயரைத் தனியொரு கோளாறாகக் கருதுகிறது. உயிர்மாய்ப்பு எண்ணம் வெளிப்பட்டால் 6 மாதம் காத்திருக்கவே கூடாது. அப்போது ஆலோசகரின் எண்ணை அனுப்பினால் போதாது; முதல் சந்திப்புக்கு யாரேனும் அவளுடன் செல்ல வேண்டும்.