முன்பணம் செலவாவது எப்போது?

வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் பலர், பூச்சுவேலை முடியுமுன் கைப்பணம் தீர்ந்து எம்மிடம் வருகின்றனர். வங்கியோ, கட்டடம் எட்டிய நிலையைப் பார்த்தே அடுத்த தவணையை விடுவிக்கிறது. இந்த இடைவெளிக்கு நாம் அடிக்கடி காணும் காரணம், கூலிக் கணக்கில் முன்பணம் தவறான இடத்தில் அமர்வதே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பூச வேண்டிய சுவர்ப்பரப்பு 2,000 சதுர அடி. இரண்டு கொத்தனார்களுக்குத் தலா ரூ.900, இரண்டு சித்தாள்களுக்குத் தலா ரூ.600, ஆக நாள்கூலி ரூ.3,000. ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 100 சதுர அடி பூசினால் வேலை 10 நாள்களில் முடியும். கூலி ரூ.30,000, மேஸ்திரியின் கமிஷன் 10 விழுக்காடு ரூ.3,000, சதுர அடிக்கு ரூ.16.50 ஆகிறது.

நடைமுறையில் மணல் வரத் தாமதமாகிறது, தண்ணீர் தட்டுப்படுகிறது. வந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். வேலை 12 நாள்களுக்கு நீள்கிறது. கூலி ரூ.36,000, கமிஷன் ரூ.3,600, இப்போது சதுர அடிக்கு ரூ.19.80. நாள்கூலி உயரவில்லை, வேலையின் விலை மட்டும் உயர்ந்துவிட்டது. ஆகவே நாள்கூலியைக் கொண்டன்றி, சதுர அடிக்கான செலவைக் கொண்டே மொத்த ஒப்பந்த விலையோடு ஒப்பிட வேண்டும்.

இனி முன்பணம். தொடக்கத்தில் நால்வருக்கும் தலா ரூ.3,000 வீதம் ரூ.12,000 கொடுத்ததாகக் கொள்வோம். அது அன்று செலவன்று. ஆட்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரூ.18,000 கூலியில் ரூ.6,000 கழித்து, ரூ.12,000 கையில் கொடுக்கிறோம். குறிப்பேட்டில் எழுதவேண்டிய கூலி ரூ.18,000 தான். கையில் கொடுத்ததை மட்டும் எழுதினால் வேலை மலிவாகத் தோன்றும். முழுக்கூலியோடு முன்பணத்தையும் கூட்டினால் ஒரே பணம் இருமுறை செலவாகும். கமிஷனும் வேலைசெய்த நாளின் கூலிமீதே, முன்பணத்தின்மீது அன்று.

முதல் வாரத்தோடு ஒரு கொத்தனார் நின்றுவிட்டு, வேறொருவர் வந்தால், கழிக்கப்படாத ரூ.1,500 நட்டம். அதையும் சேர்த்தால் செலவு ரூ.41,100, சதுர அடிக்கு ரூ.20.55. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வேலை வாங்குவதை, கொத்தடிமைத் தொழிலாளர் முறையை ஒழிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எனவே பாதுகாப்பை மேஸ்திரியோடு செய்துகொள்ளும் உடன்பாட்டில்தான் தேடவேண்டும். முன்பணம் முழுதும் கழியும்வரை அவருடைய கமிஷனில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்வது நன்று. முன்பணத்தையும் மேஸ்திரி வழியாகவன்றி, ஆட்களின் கையிலேயே கொடுத்துக் கையொப்பம் பெறவேண்டும். இல்லையேல் வாங்காத பணத்தைக் கூலியில் கழித்ததாகச் சனிக்கிழமை மாலையில் சச்சரவு எழும்.

பெயர், வந்த நாள், முழுக்கூலி, கழித்த முன்பணம், கையில் கொடுத்தது, அன்று பூசிய பரப்பு என ஆறு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். முதல் வார இறுதியில் 1,200 சதுர அடிக்குப் பதில் 1,000 மட்டுமே முடிந்திருப்பதை அது காட்டிவிடும். மீதி வேலைக்குப் பணம் போதுமா என்பதை அப்போதே கணக்கிட்டுவிடலாம்.