வெட்டு விழுந்தால் வெட்டியே ஆகணும்!



மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வராண்டாவில் சாக்பீஸால் 64 கட்டம் போட்டு செக்கர்ஸ் ஆடுகிறோம். டிராஃப்ட்ஸ் என்பதும் இதுதான். இதில் தினமும் ஒரு சண்டை: "வெட்டு இருக்கு, வெட்டு!" "எனக்கு இஷ்டம் இல்ல, வெட்ட மாட்டேன்!" ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வெட்டுவது இஷ்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுப் பக்கம் கட்டாயம். பஸ் ஏறி இறங்குவதற்குள் சட்டம் மாறிவிடுகிறது! கட்டாயம் என்பதுதான் சரி என்பது என் கருத்து.

நமக்கு ஏன் இது பிடிபடவில்லை? நாம் ஆடுபுலி ஆடி வளர்ந்தவர்கள். அதில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம், எங்கள் பக்கம் வெட்டாமலும் விடலாம். ஆடு திருப்பி வெட்டாது. செக்கர்ஸில் இரண்டு பக்கமும் வெட்டும். அதனால் கட்டாயம் இல்லை என்றால் யாரும் காயை முன்னே கொண்டுவர மாட்டார்கள்.

கட்டாயத்தின் பலனை ஒரு ஆட்டத்தில் பாருங்கள். இடமிருந்து வலமாகக் கட்டங்களுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று பெயர். என் பக்கத்திலிருந்து வரிசை 1 முதல் 8. இடது மூலை அ1 கறுப்புக் கட்டம். காய்கள் கறுப்பில் மட்டும், குறுக்காகத்தான் போகும்.

என் சோடா மூடிகள் நான்கு: இ1, உ1, ஈ2, இ3. எதிரியின் புளியங்கொட்டைகள் ஐந்து: இ5, உ5, ஆ6, ஊ6, உ7. எனக்கு ஒரு காய் குறைவு. ஆட்டம் என்னுடையது.

இ3 காயை ஈ4க்கு நகர்த்துகிறேன். பார்ப்பவர்கள் "அய்யோ, சும்மா கொடுக்குறாளே" என்பார்கள். எதிரி வெட்டியாக வேண்டும். உ5 காய் என் காயைத் தாண்டி இ3ல் உட்காருகிறது. இப்போது என் ஈ2 காய் அதைத் தாண்டி ஆ4க்கு, அங்கிருந்து இ5ஐத் தாண்டி ஈ6க்கு, அங்கிருந்து உ7ஐத் தாண்டி ஊ8க்கு. ஒன்று கொடுத்து மூன்று! கடைசி வரிசையைத் தொட்டதால் ராஜாவும் ஆச்சு.

அவள் இ5 காயால் வெட்டினால்? அது உ3ல் இறங்கும். என் ஈ2 அதைத் தாண்டி ஊ4, உ5ஐத் தாண்டி ஈ6, உ7ஐத் தாண்டி ஊ8. அப்போதும் மூன்று. இ1லும் உ1லும் என் காய்கள் நிற்பதால்தான் அவளால் ஈ2ஐயும் சேர்த்துத் தாண்ட முடியவில்லை. பின் வரிசைக் காய்களை அவசரப்பட்டு நகர்த்தாதீர்கள்.

வெட்டுவது இஷ்டம் என்றால் என்ன ஆகும்? அவள் வெட்டாமல் உ7 காயை ஈ6க்கு இறக்கி என் வழியை அடைத்துவிடுவாள். நான் யோசித்ததெல்லாம் வீண். காய் குறைந்தவருக்கு இருக்கும் ஆயுதமே கட்டாய வெட்டுதான். அதை எடுத்துவிட்டால், முதலில் ஒரு காய் பிடித்தவரே கடைசியில் ஜெயிப்பார்.

புதிதாக ஆடும் ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் தடுமாறும் இடங்கள் மூன்று.

ஒன்று, இரண்டு வழியில் வெட்டு இருந்தால் 64 கட்ட ஆட்டத்தில் எதையும் எடுக்கலாம், பெரியதைத்தான் எடுக்கணும் என்று இல்லை. ஆனால் எடுத்த வழியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. உலகப் போட்டிகள் நடக்கும் 100 கட்ட ஆட்டத்தில் அதிகக் காய் கிடைக்கும் வழியைத்தான் எடுக்கணும்.

இரண்டு, வெட்டிக்கொண்டே போய் ராஜா ஆனால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்தது. பின்பக்கம் வெட்டு இருந்தாலும் அடுத்த முறைதான். மூடியை மல்லாக்கப் போட்டால் ராஜா என்று தெரியும்.

மூன்று, நம் ராஜா முன்னும் பின்னும் போகும், ஆனால் ஒரு கட்டம்தான். தூரமாகப் பறப்பது 100 கட்ட ஆட்டத்து ராஜா. ராஜாவுக்கும் வெட்டு கட்டாயம். அதனால் ஒரு காயைக் கொடுத்து ராஜாவையும் இழுத்துப் பிடிக்கலாம்.

வெட்ட மறந்தால்? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மறந்தவரின் காயை எதிரி எடுத்துவிடுவார். அதை ஊதுவது என்பார்கள். இன்றைய போட்டிகளில் அது கிடையாது. நகர்த்தியதைத் திருப்பி வைத்து வெட்டணும், அவ்வளவுதான். நாமும் அப்படியே செய்தால் சண்டை வராது.

ஆகவே பி.டி. சாருக்கு என் வேண்டுகோள்: வராண்டாச் சுவரில் இந்த மூன்றையும் எழுதிப்போட அனுமதி தாருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதலாம். அல்லது நாளை மத்தியானம் மூடியோடு வரலாம்!

– 9ஆம் வகுப்பு மாணவி