பின்னை எங்கே குத்துவது?

என் அத்தை இருபது வருடமாக பிளவுஸ் தைக்கிறார். பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஊர்த்தெரு முடிந்து எங்கள் அம்பேத்கர் தெரு தொடங்கிவிடும். பைபாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் போனில் டெய்லர் என்று தேடிவிட்டு, வரைபடம் காட்டுகிறபடி டவுனுக்குப் போகிறார்கள். அத்தை கடை வரைபடத்தில் இல்லை. பொங்கல் லீவில் அதைச் சேர்க்க உட்கார்ந்தோம்.

வேலை சுலபம், பைசா செலவில்லை. ஜிமெயில் கணக்கோடு `business.google.com` போனால் கடைப் பெயர், என்ன கடை, முகவரி, போன் நம்பர், நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பெயர், போர்டில் இருப்பது மட்டும்தான். ‘செல்வி டெய்லரிங் - பெஸ்ட் பிளவுஸ் டெய்லர்’ என்று சேர்த்து எழுதச் சொல்லிப் பக்கத்துக் கடைத் தம்பி யோசனை சொன்னான். அது விதிமீறல்; பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். என்ன கடை என்பதுதான் தேடலில் வேலை செய்கிறது. `Tailor` முதல் வகை, `Dressmaker` கூடுதல் வகை என்று வைத்தோம்.

முகவரிக் கட்டம் வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார்.

“தெருப் பேரு வேணாம்டா. பஸ் ஸ்டாப்னு போடு. பாத்ததும் தெரிஞ்சுடும்ல?”

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் எங்கள் தெருப் பெயரில் அந்தச் சொல்லே கிடையாது. அம்பேத்கர் பெயரைப் பார்த்தே சாதியைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அத்தையின் இருபது வருட அனுபவம். அந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று சொல்ல நான் யார்? மாசம் எத்தனை பிளவுஸ் வருகிறது என்ற கணக்கு அவருடையது.

முகவரியை மறைக்கவும் வழி இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்கிற பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்காக வைத்தது. எந்தெந்தப் பகுதிக்குப் போவீர்கள் என்று மட்டும் காட்டும். பின் இருக்காது, வழி காட்டாது. அத்தை கடையில் உட்கார்ந்து அளவெடுக்கிறவர். வாசல் எங்கே என்று சொல்லாத கடைக்கு யார் துணியோடு வருவார்கள்?

பஸ் ஸ்டாப் முகவரி அதைவிட மோசம். பக்கம் வெளியே தெரிவதற்கு முன் கடை உண்மையானதா என்று சரிபார்ப்பார்கள். எங்களிடம் கேட்டது வீடியோ. தெருவும் அக்கம்பக்கமும், பிறகு போர்டு, பிறகு உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் வரவேண்டும். பஸ் ஸ்டாப் என்று எழுதிவிட்டு அம்பேத்கர் தெருவைப் படமெடுத்தால் எப்படி ஒத்துப்போகும்? தப்பித்தவறி ஒத்துப்போனாலும், பின்னைப் பார்த்து வருகிறவர் பஸ் ஸ்டாப்பில் நின்று கடையைத் தேடிவிட்டுத் திரும்பிவிடுவார்.

இதையெல்லாம் சொன்னேன். அத்தை ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்து முடிக்கும்வரை பேசவில்லை. “சரி, உள்ளதையே போடு” என்றார்.

பின் முதலில் ஊர்த்தெருவில்தான் விழுந்தது. ஊர்ப் பெயரையும் பின்கோடையும் மட்டும் அடித்தது என் தப்பு. சேட்டிலைட் படத்துக்கு மாற்றி, வேப்பமரத்தை அடையாளம் வைத்து, பின்னை அத்தையின் தகரக் கூரை மேலேயே இழுத்துவைத்தேன். முதல் வீடியோவும் நிராகரிக்கப்பட்டது. கடைக்குள்ளேயே ஆரம்பித்து மெஷினை மட்டும் காட்டியிருந்தோம். இரண்டாவது முறை தெருப் பெயர்ப்பலகையிலிருந்து நடந்து வந்தேன். அம்பேத்கர் பெயர், வேப்பமரம், போர்டு, அத்தை பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குவது. ஒரு நிமிடம்கூட இல்லை. நாலு நாளில் ஒப்புதல் வந்தது. எந்தப் பலகையை மறைக்க நினைத்தாரோ அதுதான் சாட்சியாக நின்றது.

தேடுகிறவருக்குக் கடை எவ்வளவு பக்கம் என்பதும் வரிசையைத் தீர்மானிக்கிறது. ‘டெய்லர்’ என்று பைபாஸிலிருந்து தேடினால் இப்போது டவுன் கடைகளுக்கு முன்னால் அத்தை வருகிறார்.

எல்லாரும் வந்துவிடவில்லை. ஒரு அம்மா போனில் விலையெல்லாம் பேசிவிட்டு, “அந்தத் தெருவா?” என்று கேட்டு வைத்துவிட்டார். வரைபடத்தால் அவரைத் திருத்த முடியாது. அதே வாரம் பைபாஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கல்யாணத்துக்கு ஆறு பிளவுஸ் கொடுத்தார்.

வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்றுகூட. வேண்டாதவர் இருக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை. அதனால் நான் சென்னைக்குக் கிளம்புமுன் அத்தை போனிலேயே அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடைப் பெயரை அடித்து, திறந்திருக்கிறது என்று காட்டுகிறதா என்று பார்க்கிறார்.