கும்பிடும் கைக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கட்டம்

முகூர்த்த மாதங்களில் சேலம், நாமக்கல் டி.டி.பி. கடைகளுக்கு இது பழகிய தொல்லை. வாட்ஸ்அப்பில் வந்த வாசகத்தை எடுத்துப் பழைய லேஅவுட் மென்பொருளில் ஒட்டுவோம். கும்பிடும் கை மஞ்சளாக வரும். பக்கத்தில் பழுப்பில் ஒரு சின்னக் கட்டம். ப்ரூஃபில் பார்க்காமல் விட்டால் ஃபிளெக்ஸில் அந்தக் கட்டம் ஓரடி உயரத்துக்கு நிற்கும். எங்கள் கடையிலேயே அப்படி ஒன்று அச்சாகிப் போயிருக்கிறது.

கட்டம் பிழையல்ல, எழுத்து. ‘கி’ என்பது ககரமும் மேல்விலங்குமாக இரண்டு குறியீடு. நிறமுள்ள கையும் அப்படித்தான்:

```
U+1F64F + U+1F3FE = 🙏🏾
```

இரண்டையும் சேர்த்து வரையத் தெரியாத எழுத்துரு, நிறத்தைத் தனியே கட்டமாகக் காட்டிவிடுகிறது. மொத்த எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: தமிழ்ச் செய்திக்குக் கிடைக்கும் 70 இடத்தில் இந்த ஒரு கை நான்கைத் தின்றுவிடும்.

தன்னைப் போன்ற எமோஜி வேண்டும் என்று மகள் சொன்னதிலிருந்துதான் ஹூஸ்டனைச் சேர்ந்த கேத்ரினா பாரட் எமோஜிக்கு நிறம் தரும் முயற்சியில் இறங்கினார். 2013இல் பல நிற உருவங்களோடு ஒரு செயலி வெளியிட்டார். யுனிகோடு அமைப்பிடமும் போய்ப் பேசினார். ஆப்பிளின் பீட்டர் எட்பர்கும் கூகுளின் மார்க் டேவிஸும் நிறத்தைத் தனி எழுத்தாக்கும் வழியை முன்வைத்தார்கள். 2015 ஜூனில் வந்த யுனிகோடு 8.0இல் ஐந்து நிற எழுத்துகள் இடம்பெற்றன.

ஐந்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு உறுத்தல். தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல், புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு அளவு குறிக்க ஒரு வகைப்பாடு செய்தார். வெயிலில் தோல் வெந்து சிவக்குமா, கறுக்குமா என்பதே அவர் கேள்வி; நிறம் எது என்பதல்ல. முதலில் அது வெள்ளைத் தோலுக்கானது. பழுப்பும் கறுப்பும் 5, 6 என்று பிற்பாடு சேர்ந்தவை. யுனிகோடு 1, 2 இரண்டையும் ஒன்றாக்கி ஐந்தாக்கியது. மரவள்ளிக் காட்டில் நாளெல்லாம் நிற்கிற நம் ஆட்களில் பெரும்பாலோர் கடைசி இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறோம். ‘மாநிறம்’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பார்க்கும் வித்தியாசத்துக்கு அங்கே இடமில்லை. கூகுள் 2022இல் வெளியிட்ட மாங்க் அளவுகோலில் பத்து நிறம் உண்டு. எமோஜி இன்னும் ஐந்திலேயே இருக்கிறது.

நிறம் தேர்ந்தெடுக்காவிட்டால் மஞ்சள். அது யாருடைய நிறமும் அல்ல என்பது யுனிகோடின் வாதம். அந்த மஞ்சளே வெளுத்த தோலாகத்தான் படுகிறது என்றவர்களும் உண்டு.

எங்கள் கடையில் சச்சரவு வேறு மாதிரி வந்தது. மணப்பெண் அனுப்பிய வாசகத்தில் ஐந்தாம் வகைக் கை இருந்தது. ப்ரூஃப் பார்க்க வந்த தாய்மாமன் திரையில் கைவைத்து, “இதைக் கொஞ்சம் வெளுப்பா மாத்துங்க தம்பி” என்றார். பெண்ணுக்கு போன் போட்டுக் கேட்டேன். அவள் அனுப்பியதே அச்சாயிற்று.