காலிக் கொக்கிக்கு ஒரு பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிப்டுக்குப் போனவரைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்கு மேல்தான் வெளியே வருவார். சில கம்பெனிகளில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அந்த எட்டு மணி நேரத்துக்குள் அவர் வீட்டுக் குழாய் உடைந்தால் நனைவது கீழ்வீட்டுக் கூரை. அதனால்தான் எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் அறையில் மாற்றுச் சாவிப் பலகை ஒன்று தொங்குகிறது.

முதலில் அதில் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் வீட்டு எண்ணை அழகாகப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது. இப்போது கொக்கி எண் வேறு, வீட்டு எண் வேறு. எந்தக் கொக்கி எந்த வீட்டுக்கு என்ற பட்டியல் செகரட்டரியிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கிறது. மோட்டார் ரூம், மீட்டர் ரூம், மொட்டைமாடிச் சாவிகள் அப்படியே தொங்கும். வீட்டுச் சாவிகள் உறைக்குள் இருக்கும். உறையை ஒட்டிய இடத்தின் குறுக்கே வீட்டுக்காரரின் கையெழுத்து, அதன்மேல் டேப். பிரித்தால் தெரிந்துவிடும்.

அடுத்த யோசனையைச் சொன்னவர் ஒரு ஃபிட்டர். மெஷினுக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்து, தன் பூட்டையும் தன் பெயர் எழுதிய டேக்கையும் மாட்டிவிட்டு வேலை செய்யும் ஆள். “சாவியை எடுத்தா அந்த இடத்துல நம்ம டேக் தொங்கணும் சார்” என்றார். அன்றிலிருந்து பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன் எல்லோருக்கும் பெயர் போட்ட பிளாஸ்டிக் வில்லை. காகிதச் சீட்டாக இருந்தால் ஐப்பசி மழை ஈரத்திலேயே மை ஊறிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ஆறே முக்காலுக்கு முதல் மாடிக் கூரை சொட்டியது. மேல்வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட். வாட்ச்மேன் செகரட்டரிக்கு போன் போட்டுக் கொக்கி எண்ணைக் கேட்டார். எடுத்த நேரம், கொக்கி எண், உறைக்குள் எத்தனை சாவி, யார் எடுத்தது, எதற்காக, யார் அனுமதித்தது என எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய பிறகே உறையைப் பிரித்தார்கள். பிளம்பர் தனியாகப் போகவில்லை, கீழ்வீட்டு அம்மாவும் கூடப் போனார். சிங்க் அடியில் வால்வை மூடிவிட்டு, திரும்பிய நேரத்தை எழுதி வாட்ச்மேனின் கையெழுத்தும் வாங்கினார்கள். இரவு வந்த வீட்டுக்காரர், “புதுக் கவர் குடுங்கண்ணே, நானே ஒட்டிடறேன்” என்று தன் கையால் மூடிக் கொடுத்தார். அவர் ஒட்டும்வரை நோட்டில் அந்த வரி முடிந்ததாகக் கணக்கில்லை.

இந்த ஏற்பாடு வாழ்வதும் சாவதும் வாட்ச்மேன்கள் ஆள் மாறும் நேரத்தில்தான். நாற்பது கொக்கியில் முப்பத்தேழு சாவி இருந்தால் மூன்று வில்லை தொங்க வேண்டும். நோட்டில் ‘திரும்பியது’ கட்டம் காலியாக உள்ள வரிகளும் மூன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போகிறவர் போகக்கூடாது, வருகிறவர் கையெழுத்துப் போடக்கூடாது. அப்போது தேடினால் அன்றைக்கு எடுத்தவர் யார் என்பது நினைவில் இருக்கும். வாரக் கடைசியில் தேடினால் ஆளுக்கொரு கதை வரும். நோட்டைப் பொய்யாக நிரப்புகிறார்களா என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஒரே பேனா, ஒரே கை, எல்லா நேரமும் 10.00, 10.30 என்று அரை மணிக் கணக்கிலேயே இருந்தால் யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார். உண்மையான நோட்டில் 6.52 இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும்.

இதே கவனத்தை ரயில் நிலையத்திலும் பார்க்கலாம். அங்கே சிக்னல் ரிலே அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் ஊழியரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும், திறந்ததும் பதிவேட்டில் ஏறும். 2023 ஜூனில் ஒடிசாவின் பஹாநகாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு இந்த இரட்டைப் பூட்டை ரயில்வே வாரியம் மறுபடி வலியுறுத்தியது. வீட்டுச் சாவிக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் பட்டியல் ஓரிடம், சாவி வேறிடம் என்று நாங்கள் வைத்திருப்பதும் அந்தத் தர்க்கம்தான்.

நோட்டால் முடியாததும் உண்டு. வெளியே போன அரை மணியில் சாவிக்கு நகல் வெட்டிவிட்டால் எந்தக் கையெழுத்தும் அதைக் காட்டாது. வாடகைக்காரர் மாறும்போது பூட்டையோ அதன் சிலிண்டரையோ மாற்றுவதுதான் அதற்கு வழி. அப்படி மாற்றியவர்கள் பழைய சாவியைக் கொக்கியிலேயே விட்டுவிடுவார்கள். அவசரத்தில் உறையைப் பிரித்தால் திறக்காத சாவி கையில் இருக்கும். ஆகவே இப்போது உறைக்குள் போடும் முன் அந்தக் கதவிலேயே ஒரு முறை திறந்து பார்க்கிறோம்.

ஒரே ஒரு சாவிக்குப் பலகையில் கொக்கி கிடையாது. லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி அது. லிஃப்ட் அந்த மாடியில் இல்லாவிட்டாலும் கதவு திறந்துகொள்ளும். கரண்ட் போன இருட்டில் உள்ளே கால் வைத்தால் நேரே குழிதான். அது செகரட்டரி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பயிற்சி எடுத்த இருவருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் தவிர வேறு யாருக்கும் தருவதில்லை.