மொட்டை மாடி மழை: காகிதத்தில் 3 லட்சம் லிட்டர்; தொட்டியில் எவ்வளவு?

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரெயிலில் தண்ணீர் வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்த கோடை அது. ஒரு ரெயிலில் 50 வேகன்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பல வீடுகளில் ஒரு குழியைத் தோண்டி மூடியதோடு சரி. 2019-ல் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், தொட்டி கட்டி மழைநீரைச் சேர்த்தால் என்ன என்று பலரும் யோசிக்கிறார்கள். காண்டிராக்டரைக் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு திட்டக் காகிதம் கொடுக்கிறார். அதில் பெரிய எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சரிதானா?

சென்னையில் இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு மனை. 1,000 சதுர அடி மொட்டை மாடி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். காண்டிராக்டர் கொடுத்த காகிதத்தில், "ஆண்டுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர் கிடைக்கும். லாரித் தண்ணீரே வேண்டாம்" என்று இருக்கிறது. வேலைக்கான பணத்துக்கு வளையலை அடகு வைக்கவேண்டும். கணவர் தயார். வளையல் மனைவியின் கையில் இருக்கிறது. அதனால் அந்த அம்மாள் பென்சிலை எடுத்தாள்!

ஒரு மில்லி மீட்டர், ஒரு லிட்டர்

இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே, எத்தனை சதுர மீட்டரோ அதை எத்தனை மில்லி மீட்டர் மழையோ அதனால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

சென்னையில் ஓர் ஆண்டின் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லி மீட்டர். காண்டிராக்டரின் காகிதத்திலும் அதுதான் இருக்கிறது. அதில் தவறு இல்லை.

அந்த அம்மாள் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். 3 லட்சத்து 12 ஆயிரத்தை 1,400-ஆல் வகுத்தாள். 223 வந்தது. அதாவது, 223 சதுர மீட்டர் இடத்தில் விழும் மழை முழுவதையும் பிடித்தால்தான் இத்தனை லிட்டர் வரும்.

"ஏங்க, நம்ம மாடி எவ்வளவு?"

"ஆயிரம் சதுர அடி."

சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர்தான். அப்படியானால் 223 எங்கிருந்து வந்தது? ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதை 10.76-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 223! வாசல், தோட்டம், ஸ்கூட்டர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து மாடிக் கணக்கில் எழுதிவிட்டார்.

தெரிந்து செய்தாரோ, பத்திரத்தைப் பார்த்துக் கைதவறி எழுதினாரோ, எப்படியானாலும் எண் எண்தான். எந்தக் காகிதத்திலும் இப்படித் திருப்பி வகுத்தால், கணக்குப் போட்டவர் மனதில் வைத்திருந்த பரப்பு வெளியே வந்துவிடும்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாய்ந்த கூரையின் மேல் டேப் பிடித்து அளக்கக்கூடாது. மழை மேலிருந்து நேராக விழுகிறது. கூரை, தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அதுதான் கணக்கு.

விழுந்தது எல்லாம் வருமா?

93-ஐ 1,400-ஆல் பெருக்கினால் 1 லட்சத்து 30 ஆயிரத்து 200 லிட்டர். இதுவும் முழுவதும் தொட்டிக்கு வராது. காய்ந்த தளம் முதலில் கொஞ்சம் குடிக்கும். சிறு தூறல், குழாயை எட்டும் முன்பே ஆவியாகிவிடும். தூசியும் காக்கை எச்சமும் கலந்த முதல் தண்ணீரை வெளியே விட்டுவிடவேண்டும். கனமழையில் ஓரத்தில் வழிந்தும் போகும்.

இவையெல்லாம் போகக் கிடைக்கும் பங்கை என்ஜினீயர்கள் ஓர் எண்ணால் குறிப்பார்கள். காங்கிரீட் மாடிக்கு 0.8 என்று வைப்பது வழக்கம். அதாவது பத்துக் குடம் விழுந்தால் எட்டுக் குடம் நம்முடையது. தகரக் கூரையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். காகிதத்தில் இந்த எண்ணே இல்லாவிட்டால், பத்துக்குப் பத்தும் வரும் என்று எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எட்டுப் பங்கு என்றால் 1 லட்சத்து 4 ஆயிரம் லிட்டர். காகிதத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு!

இதை அற்பம் என்று தள்ளிவிடவும் கூடாது. இப்படி 24 மாடிகளில் ஓர் ஆண்டில் கிடைக்கும் தண்ணீர், ஜோலார்பேட்டை ரெயிலின் ஒரு நடைக்குச் சமம்.

தொட்டி சொல்லும் உண்மை

லாரித் தண்ணீர் வேண்டாமா? நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர். ஆண்டுக்கு 1 லட்சத்து 97 ஆயிரம் லிட்டர். கிடைப்பதோ அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதுவும் நல்ல மழை பெய்த ஆண்டில். மழை பாதியானால் கிடைப்பதும் பாதி.

அதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். காகிதத்தில் உள்ள தொட்டி 10 ஆயிரம் லிட்டர். ஒரே நாளில் 100 மில்லி மீட்டர் மழை பெய்தால் இந்த மாடியில் இருந்து 7,440 லிட்டர் வரும். இப்படி இரண்டு நாள் பெய்தால் தொட்டி நிரம்பி வழியும். ஆண்டுக் கணக்கில் எத்தனை லட்சம் எழுதினாலும், மழை நின்ற அன்று கையில் இருப்பது 10 ஆயிரம் லிட்டர்தான். எல்லாச் செலவுக்கும் திறந்துவிட்டால் பத்தொன்பதாம் நாள் தீர்ந்துவிடும்.

அப்படியானால் திட்டமே வீணா? இல்லை. அதே தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்தால், ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாளைக்கு 20 லிட்டர். 10 ஆயிரம் லிட்டர் 500 நாள் வரும்! கோடையைத் தாண்டி அடுத்த மழை வரை கவலை இல்லை. தொட்டிக்குள் வெயிலும் கொசுவும் புகாமல் மூடவேண்டும். வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கவேண்டும்.

வழிகிற தண்ணீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பலாம். மணல் மண்ணில் விரைவாக உள்ளே இறங்கும். களிமண்ணில் குழியிலேயே நிற்கும். குழியில் ஒரு டிரம் தண்ணீரை ஊற்றி எத்தனை நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்தால் மண்ணின் குணம் தெரிந்துவிடும்.

அந்த அம்மாள் கடைசியாக மாடிக்குப் போய் மழைநீர்க் குழாய்களை எண்ணினாள். நான்கு மூலைக்கு நான்கு. காண்டிராக்டரின் படத்தில் மூன்றுதான் தொட்டிக்கு வந்தன. நான்காவது தெருவைப் பார்த்து இருந்தது. அப்படியே விட்டால் 1 லட்சத்து 4 ஆயிரத்தில் இன்னொரு கால் பங்கு, 26 ஆயிரம் லிட்டர், சாக்கடைக்குப் போய்விடும்.

மறுநாள் காண்டிராக்டர் வந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்து அந்த அம்மாள் கேட்டாள்: "அண்ணே, இந்த 223 எங்க வீட்டு மாடியா, மனையா?"

அவர் பத்திர நகலை எடுத்துப் பார்த்தார். 223-ஐ அடித்துவிட்டு 93 என்று எழுதினார். லாரித் தண்ணீர் பற்றிய வரியையும் அடித்தார். நான்காவது குழாய்க்கு ஒரு கோடு போட்டுத் தொட்டியோடு சேர்த்தார்.

"மூணு லட்சம்னு நினைச்சுத்தானே ஒத்துக்கிட்டோம். இப்ப வளையலை வைக்கலாமா, வேண்டாமா?" என்றார் கணவர்.

"குடிக்கிற தண்ணிக்கு மட்டும்னா எவ்வளவு செலவாகும்னு முதல்ல எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள் அவள்.